68 சதவீதம் பேர் உடனே போய்விட்டார்கள்: போர்டோ கலவைப் பதிவை வெட்டலாமா?

கூடலூர்க்காரி, 2 ஜூன் 2025, இரவு 9.40

மே மாதக் கணக்கைப் பார்த்தேன். ஏலக்காய் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தயாரிப்பது பற்றி நான் எழுதிய பதிவுக்கு 1,200 வருகைகள். பவுன்ஸ் ரேட் 68 சதவீதம். சராசரி நேரம் 1 நிமிடம் 10 வினாடி. அடிவரை ஸ்க்ரோல் செய்தவர்கள் 11 சதவீதம். பதிவு ஏறக்குறைய 900 சொற்கள். நிதானமாகப் படித்தால் எழுதிய எனக்கே ஆறு நிமிடம் ஆகிறது.

யாரும் படிக்கவில்லை என்றுதான் மூன்று எண்களும் சொல்கின்றன. ஆனால் வண்டன்மேடு, அணக்கரைப் பக்கத்திலிருந்து சந்தேகம் கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பதிவைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். இதைப் பாதியாக வெட்டுவதா, இரண்டாகப் பிரிப்பதா, கை வைக்காமல் விடுவதா? மழை பிடிப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

போடி மாப்பிள்ளை, 2 ஜூன், இரவு 10.15

பவுன்ஸ் என்றால் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவது. போர்டோ கலவைக்கு அளவு தேடி வருகிறவன் அளவைப் பார்த்துவிட்டுப் போகாமல் உங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டா போவான்? படித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், கவலை வேண்டாம். பதிவின் அடியில் 'இதையும் படியுங்கள்' என்று நான்கு இணைப்பு வைத்தால் எண் தானாக இறங்கிவிடும். என் மசாலாக் கடைத் தளத்தில் அப்படித்தான் இறக்கினேன்.

கொச்சித் தமிழன், 3 ஜூன், காலை 6.50

மாப்பிள்ளை சொல்வது பழைய கூகுள் அனலிட்டிக்ஸுக்குப் பொருந்தும். அது 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. அதில் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு மூடினாலும் பவுன்ஸ்தான், நேரமும் பூஜ்யம்தான். அடுத்த பக்கத்தைத் திறந்த நொடியிலிருந்து முந்தைய பக்கத்தைத் திறந்த நொடியைக் கழித்துத்தான் அது நேரம் கண்டுபிடித்தது. அடுத்த பக்கமே இல்லாவிட்டால் கழிக்க ஒன்றுமில்லை.

இப்போதுள்ள கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வேறு மாதிரி எண்ணுகிறது. பக்கம் கண்முன் 10 வினாடிக்கு மேல் இருந்தால், அல்லது இரண்டாவது பக்கம் பார்த்தால், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஏதாவது ஒன்று நடந்தால், அது ஈடுபாடுள்ள வருகை. இந்த மூன்றில் ஒன்றுமே நடக்காத வருகைதான் பவுன்ஸ். ஆகவே உங்கள் 68 சதவீதத்துக்கு 'படித்துவிட்டுப் போனார்கள்' என்று ஆறுதல் சொல்ல முடியாது தங்கச்சி. அவர்கள் 10 வினாடிகூட நிற்கவில்லை. பழைய கணக்கில் 68 சாதாரணம். புதிய கணக்கில் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் பதிவை வெட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பவுன்ஸ் என்பது வருகைக்கு உரிய எண், பக்கத்துக்கு உரியது அன்று. அதனால் `Pages and screens` அறிக்கையில் பார்க்காமல் `Landing page` அறிக்கையில் பாருங்கள். பக்கத்தில் `Session source / medium` சேர்த்துக்கொள்ளுங்கள். 1,200 பேர் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று தெரியாமல் 68-ஐப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கூடலூர்க்காரி, 3 ஜூன், மதியம் 1.20

பிரித்துப் பார்த்தேன்.

தேடல் வழியாக 500 வருகை, அதில் 190 பவுன்ஸ். அதாவது 38 சதவீதம்.
ஃபேஸ்புக் வழியாக 560 வருகை, 532 பவுன்ஸ். 95 சதவீதம்!
`(direct)` என்று 140, அதில் 94 பவுன்ஸ். 67 சதவீதம்.

ஃபேஸ்புக்கில் நான் இதைப் பகிரவே இல்லை. தேடிப் பிடித்தேன். விவசாயக் குழு ஒன்றில் யாரோ என் பதிவின் படத்தை, அழுகிக் கறுத்த காய்ச்சரத்தை, எடுத்துப் போட்டு 'ஏலச்செடி அழுகலுக்கு ஒரே நாளில் தீர்வு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் தீர்வு தேடி வந்தவர்களை என் பதிவு 'இது நோய் வருமுன் தெளிக்க வேண்டியது' என்ற முதல் வரியோடு வரவேற்றிருக்கிறது. 532 பேர் திரும்பிப் போனதில் வியப்பில்லை. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

கொச்சித் தமிழன், 3 ஜூன், மதியம் 1.45

அந்தக் கூட்டத்தைக் கழித்துவிட்டால் பதிவின் உண்மையான பவுன்ஸ் 44 சதவீதம்தான், தேடலை மட்டும் எடுத்தால் 38. பதிவில் ஒரு எழுத்தும் மாறாமலே, வந்தவர்களின் கலப்பு மாறியதால் மட்டும் எண் ஏறியிருக்கிறது. ஏப்ரலில் எவ்வளவு என்று பார்த்தீர்களானால் 40-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும்.

`(direct)` என்பதை நேரடியாக முகவரி தட்டி வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் விழுவார்கள்.

பீர்மேடு டீச்சர், 3 ஜூன், மாலை 5.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் தேயிலைத் தோட்ட லயத்து வாழ்க்கையைப் பற்றிக் கதைகள் எழுதிப் போடுகிறேன். என் கடைசிக் கதைக்குச் சராசரி நேரம் 50 வினாடி. 2,000 சொல் கதை! கதை பிடிக்கவில்லை என்று வாசகர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

கூடலூர்க்காரி, 3 ஜூன், இரவு 8.10

டீச்சர், எழுதுவதை நிறுத்தாதீர்கள். சராசரி நேரத்தைத்தான் இன்று மாலை முழுவதும் உடைத்துக்கொண்டிருந்தேன்.

1,200 வருகை, சராசரி 70 வினாடி. மொத்தம் 84,000 வினாடி. பவுன்ஸ் ஆன 816 பேரும் ஆளுக்கு 4 வினாடி நின்றதாக வைத்துக்கொண்டால் அவர்கள் எடுத்துக்கொண்டது 3,264 வினாடி மட்டுமே. மீதி 80,736 வினாடியையும் எஞ்சிய 384 பேர்தான் செலவழித்திருக்கிறார்கள். வகுத்தால் ஆளுக்கு 210 வினாடி, அதாவது மூன்றரை நிமிடம்.

1 நிமிடம் 10 வினாடி நின்ற ஆள் என்று பெரும்பாலும் யாருமே இல்லை. 4 வினாடிக்காரர்கள் ஒரு கும்பல், மூன்றரை நிமிடக்காரர்கள் ஒரு கும்பல். நடுவில் இருக்கும் அந்த எண் இரண்டு கும்பலில் யாருடையதும் இல்லை. உங்கள் 50 வினாடிக்குள்ளும் கதையை முழுக்கப் படித்தவர்கள் ஒளிந்திருப்பார்கள். பவுன்ஸ் எண்ணை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கொச்சித் தமிழன், 3 ஜூன், இரவு 9.05

கணக்கு சரி, ஒரு திருத்தத்தோடு. பக்க அறிக்கையில் வரும் சராசரி ஈடுபாட்டு நேரம் வருகைக்கு இவ்வளவு என்பது அன்று, ஆளுக்கு இவ்வளவு என்பது. ஒரே ஆள் மாதத்தில் மூன்று முறை வந்தால் மூன்றும் கூட்டப்பட்டு ஒருவர் பெயரில் நிற்கும். உங்கள் பதிவு திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் வகை. ஆகவே மூன்றரை நிமிடத்தைக் கொஞ்சம் தளர்த்திப் படியுங்கள். இரண்டு கும்பல் என்ற முடிவு மாறாது.

வண்டன்மேடு பெரியவர், 4 ஜூன், காலை 5.55

தாயி, உன் பதிவை நான் பார்த்தவன்தான். பார்த்த கையோடு அளவு இருக்கும் அட்டவணையைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அந்தப் படத்தை எங்கள் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மலையில் சிக்னல் வருவதே பெரும்பாடு. ஒவ்வொரு முறையும் உன் பக்கத்தைத் திறந்துகொண்டிருக்க முடியாது.

நான் உன் கணக்கில் எந்தக் கும்பல்?

கூடலூர்க்காரி, 4 ஜூன், காலை 7.30

ஐயா, நீங்கள் 4 வினாடிக் கும்பல். ஃபேஸ்புக்கில் வந்து ஏமாந்து போனவர்களோடு உங்களையும் சேர்த்துத்தான் பவுன்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறது! உங்கள் படத்தைப் பார்த்துக் கலவை போட்ட குழுக்காரர்கள் கணக்கிலேயே இல்லை.

போடி மாப்பிள்ளை, 4 ஜூன், காலை 8.00

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

கொச்சித் தமிழன், 4 ஜூன், காலை 8.20

காரணத்தைத் தவறாகச் சொன்னீர்கள். முடிவில் ஒரு பகுதி சரியாக அமைந்துவிட்டது. போகட்டும்.

படம் பிடிப்பதை உலாவியால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகல் எடுத்தால் மட்டும் `copy` என்ற நிகழ்வாகப் பிடிக்கலாம். பெரியவரைப் போன்றவர்களை எந்தக் கருவியும் காட்டாது.

அவரிடம் இன்னொன்று கேட்க வேண்டும். ஐயா, மருந்து கலக்கும்போது போனைத் திறந்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டா?

வண்டன்மேடு பெரியவர், 4 ஜூன், காலை 9.15

உண்டு, என் மகன். போனைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைப்பான். திரை அணைந்துபோகும். கையெல்லாம் சுண்ணாம்பு, தொட முடியாது. என்னைக் கூப்பிட்டு விரலால் தட்டச் சொல்வான். சுண்ணாம்பு ஆறி, வடிகட்டி, கலந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

கொச்சித் தமிழன், 4 ஜூன், காலை 9.40

திரை அணைந்த நேரம் கணக்கில் வராது. பக்கம் கண்முன் இருக்கும் நேரத்தை மட்டும்தான் கூகுள் இப்போது எண்ணுகிறது. ஒரு மணி நேரம் பதிவை வைத்து வேலை செய்த மகனுக்கு இரண்டு நிமிடம் எழுதியிருக்கும்.

அதோடு முடியவில்லை. ஏதும் நடக்காமல் 30 நிமிடம் போனால் வருகை முடிந்ததாக எழுதிவிடும். 40 நிமிடம் கழித்துப் பெரியவர் திரையைத் தட்ட, மகன் கொஞ்சம் கீழே தள்ளிப் படிக்கச் சொன்னால் அது புது வருகை. பக்கம் ஏற்கெனவே திறந்திருப்பதால் இந்தப் புது வருகையில் பக்கம் திறந்த நிகழ்வு இருக்காது. வந்திறங்கிய பக்கம் எது என்று தெரியாமல் `Landing page` அறிக்கையில் `(not set)` என்று நிற்கும். உங்கள் அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். சமையல் குறிப்பு, கலவைக் குறிப்பு போன்று திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் பக்கங்கள் உள்ள தளங்களில் அது தடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேறு காரணங்களாலும் வரும், அதனால் அந்த வரி முழுவதையும் உழைக்கும் வாசகர்களாக எண்ணிவிட வேண்டாம்.

கூடலூர்க்காரி, 4 ஜூன், இரவு 10.30

இருக்கிறது. ஏதோ கோளாறு என்று நினைத்து இத்தனை நாள் வடிகட்டி வைத்திருந்தேன்.

இன்று ஸ்க்ரோலைப் பிடித்துக்கொண்டேன். 11 சதவீதம் என்றால் 132 பேர். கூகுள் தானாக அனுப்பும் `scroll` நிகழ்வு பக்கத்தின் உயரத்தில் 90 சதவீதத்தைத் தொட்டால் மட்டும், அதுவும் ஒரே முறை, எழுதும். 25, 50 என்று இடையில் ஒன்றும் கிடையாது. சரி, என் பக்கத்தில் 90 சதவீதம் எங்கே இருக்கிறது? கணினியில் உலாவியின் கைபேசிப் பார்வையை வைத்துக்கொண்டு கன்சோலில் இதைத் தட்டினேன்:

```
document.querySelector('article').getBoundingClientRect().bottom + window.scrollY
document.documentElement.scrollHeight
```

முதல் வரி 7,800 என்றது, இரண்டாவது 14,200. அதாவது நான் எழுதியது பக்கத்தின் 55 சதவீதத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் கருத்துப் பெட்டி, அதற்குக் கீழே படங்களோடு தொடர்புடைய பதிவுகள். 90 சதவீதம் என்பது 12,780. பதிவின் கடைசி வரியைப் படித்தவர் அதன் பிறகும் ஏறக்குறைய 5,000 பிக்சல் தள்ள வேண்டும். கைபேசியில் ஏழு திரை!

அந்த ஏழு திரையில் என்ன இருக்கிறது என்றால், சுட்ட சுண்ணாம்பா நீற்றிய சுண்ணாம்பா என்று இரண்டு பேர் போன ஆண்டு போட்ட சண்டை. அதை முழுக்கத் தாண்டியவர்களைத்தான் கூகுள் எனக்கு 'அடிவரை படித்தவர்கள்' என்று காட்டியிருக்கிறது.

(சில வார்ப்புருக்களில் `article` என்பதற்குள்ளேயே கருத்துப் பெட்டியும் இருக்கும். அப்படியானால் முதல் எண் தவறாக வரும். கடைசிப் பத்தியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.)

பீர்மேடு டீச்சர், 5 ஜூன், காலை 6.40

அப்படியானால் மாப்பிள்ளை சொன்னபடி அடியில் இன்னும் நான்கு இணைப்பு வைத்தால் 11 இன்னும் இறங்கும், இல்லையா?

கொச்சித் தமிழன், 5 ஜூன், காலை 7.00

டீச்சர் பிடித்துவிட்டார். பக்கம் நீளும், 90 சதவீதக் கோடு இன்னும் கீழே போகும். கருத்துகள் கூடினாலும் அப்படித்தான். ஒரு பதிவு பிரபலமாகிக் கருத்துகள் குவியக் குவிய அதன் ஸ்க்ரோல் எண் மோசமாகிக்கொண்டே வரும்.

கூகுள் டேக் மேனேஜரில் `Element Visibility` என்ற தூண்டி இருக்கிறது. பதிவின் கடைசிப் பத்திக்கு ஓர் அடையாளம் கொடுத்து, அது திரையில் தெரிந்தால் ஒரு நிகழ்வு அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் எவ்வளவு நீண்டாலும் இது நகராது.

கூடலூர்க்காரி, 5 ஜூன், இரவு 9.50

வைத்துவிட்டேன். பெயர் `article_end`. ஆனால் சண்டையைப் பார்க்கவென்றே ஒரே தள்ளாகக் கீழே போகிறவர்களும் இதில் அகப்படுவார்களே?

கொச்சித் தமிழன், 5 ஜூன், இரவு 10.10

அகப்படுவார்கள். பதிவின் தலையில் பொருளடக்க இணைப்புகள் வைத்திருந்தால் இன்னும் மோசம், ஒரு தொடுதலில் அடியில் நிற்பார்கள். அதற்கு `Trigger Group` இருக்கிறது. 60 வினாடி கடந்ததும் ஒரு தூண்டி, கடைசிப் பத்தி தெரிந்ததும் ஒரு தூண்டி. இரண்டும் நடந்த பிறகே நிகழ்வு போகும். அந்த 60 வினாடி சுவர்க் கடிகாரம் போல ஓடுகிறது, பக்கம் கண்முன் இருக்கிறதா என்று பார்க்காது. அந்தக் குறையோடு பயன்படுத்துங்கள்.

வண்டன்மேடு பெரியவர், 6 ஜூன், காலை 6.05

இவ்வளவு அளந்தீர்களே, ஒன்று கேட்கிறேன். கலவை சரியாக வந்ததா என்று பார்க்கும் விதம் அந்தப் பதிவில் இல்லையே? எங்கள் குழுவில் ஒருவர் மட்டமான சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, போன வாரம் தெளித்து இலையெல்லாம் கருகிவிட்டது. 1 கிலோவுக்கு 1 கிலோ அளந்துதான் போட்டார்.

கூடலூர்க்காரி, 6 ஜூன், காலை 6.50

ஐயா, இருக்கிறது. பதிவின் கடைசிப் பத்தி. துருவில்லாத, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நனைத்து எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் தனியாக நிற்கிறது என்று பொருள். படியாமல் போகும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.

வண்டன்மேடு பெரியவர், 6 ஜூன், காலை 7.10

கடைசியில் வைத்தால் எவன் பார்ப்பான்?

கூடலூர்க்காரி, 6 ஜூன், இரவு 11.00

பெரியவர் கேட்டது காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது.

இத்தனை நாளும் பதிவு பயன்படுகிறதா என்று எண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்குப் பயன்பட வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அளவைச் சொல்வதற்கு என்றால் 4 வினாடியில் போனவரும் வெற்றிதான், பவுன்ஸ் 90 ஆனாலும் கவலையில்லை. இலை கருகாத கலவையைப் போட வைப்பதற்கு என்றால், கத்திச் சோதனையைப் பார்க்காமல் போன ஒவ்வொருவரும் தோல்வி. ஆறு நிமிடம் நின்று அறிமுகத்தையும் நோயின் வரலாற்றையும் படித்துவிட்டுப் போனவர் உட்பட. அதே 38 சதவீதத்தை முதல் கேள்விக்கு நல்லது என்றும் இரண்டாம் கேள்விக்குக் கெட்டது என்றும் படிக்க முடிகிறது.

நான் பதிவை வெட்டப் போவதில்லை, கலைத்து அடுக்கப் போகிறேன். தலைப்புக்குக் கீழே அளவு அட்டவணை, அதே அட்டவணையின் கடைசி வரியாகக் கத்திச் சோதனை. பெரியவரைப் போல யாராவது படம் பிடித்தால் சோதனையும் படத்துக்குள் வந்துவிட வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது என்பதும், இரும்புப் பாத்திரம் ஆகாது என்பதும் அடுத்த இரண்டு வரி. கலக்கிய அன்றே தெளிக்க வேண்டும் என்பது நான்காவது. நோய்க் கிருமி, மழைக்காலம், வரலாறு எல்லாம் கீழே போகட்டும்.

போடி மாப்பிள்ளை, 7 ஜூன், காலை 8.30

எல்லாவற்றையும் முதல் திரையிலேயே கொடுத்துவிட்டால் பவுன்ஸ் எகிறும், நேரம் விழும். விளம்பரக்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் கடைத் தளத்தில் விலையை வேண்டுமென்றே கீழே வைத்திருக்கிறேன்.

கூடலூர்க்காரி, 7 ஜூன், காலை 9.00

தெரியும் மாப்பிள்ளை. உங்கள் தளத்தில் விலை தேடிக் களைத்துப்போய்ப் பக்கத்துக் கடையில் வாங்கியவள் நான்.

பீர்மேடு டீச்சர், 7 ஜூன், மாலை 6.15

என் கதைக்கும் அந்த வகுத்தல் கணக்கைப் போட்டேன். நின்றவர்களுக்கு ஆளுக்கு ஏழு நிமிடத்துக்கும் மேல் வருகிறது. அடுத்த கதையைத் தொடங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்குப் பவுன்ஸ் அதிகமாகக் காட்டுகிறது. தமிழ் தெரியாத மலையாளிகள் தடுமாறி வந்து போகிறார்கள் என்று நினைக்கலாமா?

கொச்சித் தமிழன், 7 ஜூன், இரவு 8.40

கொச்சியில் இருக்கும் தமிழன் என்ற முறையில் ஆட்சேபம் தெரிவிக்கிறேன்!

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். இணைய முகவரியை வைத்து ஊகிப்பது அது. கைபேசி இணைப்பில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே கொச்சி என்று தெரியலாம். குமுளியில் நின்றுகொண்டு தமிழ்நாட்டுச் சிம் போட்டிருப்பவர் சென்னை என்றும் தெரியலாம். எல்லையில் இருக்கும் நமக்கு அந்தப் பத்தி பயனற்றது. உலாவியின் மொழியும் உதவாது. தமிழர், மலையாளி இருவர் போனிலும் பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கிறது.

கூடலூர்க்காரி, 12 ஜூலை, இரவு 9.20

அடுக்கி மாற்றி ஒரு மாதம் ஆயிற்று. தேடல் வழியாக வந்தவர்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

பவுன்ஸ் 38-லிருந்து 45 ஆகியிருக்கிறது. சராசரி நேரம் 2 நிமிடம் 15 வினாடியிலிருந்து 1 நிமிடம் 35 ஆக விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை சொன்னபடியே. கடைசிப் பத்தியைக் கண்டவர்கள் 41 சதவீதம், 60 வினாடியும் சேர்த்துக் கேட்டால் 29. கத்திச் சோதனை வரிக்குத் தனியாக `knife_test` என்று ஒன்று வைத்தேன், அது 3 வினாடியாவது திரையில் நின்றால் எழுதும்படி. 66 சதவீதம்.

சோதனை பழைய இடத்திலேயே இருந்திருந்தால் அதிகம் போனால் அந்த 41 சதவீதம் பேர்தான் கண்டிருப்பார்கள். இப்போது 66. பவுன்ஸ் ஏறியதையும் நேரம் விழுந்ததையும் பற்றி எனக்கு வருத்தமில்லை.

போடி மாப்பிள்ளை, 12 ஜூலை, இரவு 9.35

கண்டார்கள் என்றுதான் எண் சொல்கிறது. கத்தியை நனைத்தார்களா?

கொச்சித் தமிழன், 12 ஜூலை, இரவு 10.05

மாப்பிள்ளை இந்த முறை முழுக்கச் சரி. கத்தியை நனைத்தார்களா என்று தோட்டத்தில்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, தங்கச்சி. மேயில் தெளிப்பதற்கு முன் ஆற அமரத் தேடி வந்தார்கள். ஜூன் கடைசியில் மழைக்கு நடுவே அவசரத்தில் வருகிறார்கள். பவுன்ஸ் ஏறியதில் உங்கள் அடுக்கு மாற்றத்தின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு மாதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. போன ஆண்டு ஜூனோடு ஒப்பிடுங்கள்.

கூடலூர்க்காரி, 12 ஜூலை, இரவு 10.30

போன ஆண்டு ஜூனில் இந்தத் தூண்டிகள் எதுவும் இல்லை. பவுன்ஸ் மட்டும் இருக்கிறது, தேடலுக்கு 43. அப்படியானால் 45-இல் பெரும்பகுதி மழையாகவும் இருக்கலாம். பார்வை எண்களுக்கு அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஈடுபாட்டுக்கான 10 வினாடியை 30 ஆக மாற்றிவிடலாமா என்று இன்னொரு யோசனை. அமைப்பில் 60 வரை இடம் இருக்கிறது. 10 வினாடி என்பது எனக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்தான்.

கொச்சித் தமிழன், 13 ஜூலை, காலை 7.00

மாற்றினால் அன்றிலிருந்துதான் பொருந்தும், பழையது பழைய அளவிலேயே நிற்கும். அடுத்த ஜூனில் ஒப்பிட மறுபடியும் ஒன்றும் இருக்காது. மேலும் பெரியவரைப் போன்றவர்கள் 30 வினாடியில் எப்படியும் தோற்பார்கள். நான் மாற்ற மாட்டேன்.

பீர்மேடு டீச்சர், 13 ஜூலை, காலை 7.45

கதைக்கு 30 நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. நான் மாற்றிவிட்டேன்.

வண்டன்மேடு பெரியவர், 13 ஜூலை, மாலை 6.20

புது அட்டவணையையும் படம் பிடித்துக் குழுவில் போட்டாயிற்று. மூன்று பேர் கத்தியை நனைத்துப் பார்த்துப் படம் அனுப்பினார்கள், ஒருவர் கத்தி சிவந்திருந்தது. சுண்ணாம்பு சேர்க்கச் சொல்லிவிட்டேன். அட்டவணையில் எழுத்துச் சின்னதாக இருக்கிறது தாயி, அடுத்த தெளிப்புக்குள் பெரிதாக்கு.

கூடலூர்க்காரி, 13 ஜூலை, இரவு 8.00

இன்றிரவே பெரிதாக்கிவிடுகிறேன் ஐயா. அந்தச் சிவந்த கத்தியின் படத்தை எனக்கும் அனுப்புங்கள், அட்டவணைக்குப் பக்கத்தில் போட வேண்டும். உங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு ஏற்ற மாதிரி படத்தைச் சுருக்கித்தான் போடுவேன்.